வேட்டைக்காரன் பிந்தி வந்தவன்

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை தெரியாத ஆட்கள் குறைவு. காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாட்டிக்குச் சாப்பாடு கொண்டு போகிற பிள்ளை, வழியில் ஓநாயோடு கதைக்கிறாள். ஓநாய் முந்திப்போய்ப் பாட்டியை விழுங்கிவிட்டு அவளின்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுக்கிறது. சரி, கடைசியில் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது யார்? எங்களில் அநேகம் பேர் வேட்டைக்காரன் என்போம், சிலர் விறகுவெட்டி என்போம். யாரோ ஒரு ஆம்பிளை கதவைத் திறந்துகொண்டு வந்து, ஓநாயின் வயிற்றைக் கிழித்து, உள்ளே கிடந்த இரண்டு பேரையும் உயிரோடு வெளியே எடுப்பான்.

இந்த முடிவைத் தலைகீழாக்கி, பிள்ளை தானே தன்னைக் காப்பாற்றுகிற மாதிரி எழுதிய கதைகள் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, "பழைய கதையை ஏன் கெடுக்கிறீங்கள்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த வேட்டைக்காரன் கதைக்குள் எப்ப வந்தான் என்று பார்க்கவேண்டும்.

முதலில் 1697. பிரான்சில் சார்ல் பெரோ இந்தக் கதையை அச்சில் வெளியிட்டார். சிவப்புத் தொப்பியும் அங்கேதான் வருகிறது. ஆனால் அந்தக் கதையில் மீட்பன் ஒருவனும் இல்லை. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு பிள்ளையைத் தின்கிறது, கதை முடிந்தது. அதற்குக் கீழே, இனிக்க இனிக்கப் பேசுகிற ஓநாய்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்று இளம் பெண்களுக்கு ஒரு புத்திமதி. இதில் ஒரு சின்ன விசயம் கவனிக்கத்தக்கது. பெரோவின் காட்டில் விறகுவெட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்பதால்தான் ஓநாய் பிள்ளையை வழியிலேயே தின்னப் பயப்படுகிறது. ஆனால் பாட்டி வீட்டுக்குள் அவள் கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. ஆம்பிளைகள் கதைக்குள் இருக்கிறார்கள், காப்பாற்ற வருவதில்லை.

அடுத்தது 1800. ஜெர்மனியில் லுட்விக் டீக் என்ற எழுத்தாளர் இதை ஒரு நாடகமாக எழுதினார். அதில் ஒரு வேட்டைக்காரன் வருகிறான், ஓநாயைச் சுடுகிறான். ஆனால் பிந்திவிட்டான். பிள்ளை ஏற்கெனவே செத்துவிட்டாள்.

பன்னிரண்டு வருசம் கழித்து, 1812இல், கிறிம் சகோதரர்களின் தொகுப்பு வெளிவந்தது. அங்கேதான் வேட்டைக்காரன் நேரத்துக்கு வந்து சேருகிறான். கிறிம் சகோதரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவர்கள் காசெல் நகரத்தில் இருந்த ஹாசன்ப்ஃளூக் குடும்பத்துச் சகோதரிகள். அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சு வேரும் இருந்தது. எனவே பெரோவின் கதை அவர்கள் வீட்டில் புழங்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓநாயின் வயிற்றை வெட்டி உயிரோடு எடுப்பதும், வயிற்றுக்குள் கல் நிரப்புவதும், அதே தொகுப்பில் உள்ள ஏழு ஆட்டுக்குட்டிகளின் கதையிலும் வருகின்றன.

ஆக, நாங்கள் "பழைய முடிவு" என்று பிடித்துக்கொண்டு நிற்கிறது 1812இல் அச்சுக்கு வந்த ஒரு முடிவு. அதற்கு முதல் அச்சிலிருந்த பெரோவின் கதையில் அது இல்லை.

இனி, அச்சுக்கு வெளியே என்ன இருந்தது என்று பார்ப்போம். 1885 அளவில் பிரான்சின் நியெவ்ர் பகுதியில் அசில் மில்லியன் என்பவர் நாட்டார் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றைப் பின்னாளில் போல் டெலாறூ என்ற நாட்டாரியலாளர் "பாட்டியின் கதை" என்ற பெயரில் வெளியிட்டார். இதில் சிவப்புத் தொப்பி இல்லை. அம்மா சூடான பாணும் ஒரு போத்தல் பாலும் கொடுத்துவிடுகிறாள். சந்தியில் நிற்பது சும்மா ஓநாயும் இல்லை, ஓநாயாக மாறுகிற மனிசன். "ஊசிப் பாதையால போறியா, குண்டூசிப் பாதையால போறியா?" என்று கேட்கிறான். அவள் ஊசிப் பாதையால் போகிறாள், அவன் மற்றதால் முந்திப் போய்விடுகிறான்.

பிறகு நடப்பது குழந்தைகளுக்குச் சொல்லக்கூடியது இல்லை. பாட்டியின் இறைச்சியையே பிள்ளை தெரியாமல் சாப்பிடுகிறாள். உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான். அவளும் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறுகிறாள். அங்கேதான் எங்களுக்குத் தெரிந்த அந்தக் கேள்விகள் வருகின்றன: ஏன் உடம்பெல்லாம் ரோமம், ஏன் நகம் இவ்வளவு நீளம், ஏன் வாய் இவ்வளவு பெரிசு? "உன்னைத் தின்னத்தான்" என்ற பதில் வந்த கையோடு அவள் சொல்கிறாள், தனக்கு வெளிக்குப் போகவேணும் என்று. கட்டிலிலேயே இரு என்கிறான் அவன். ஏலாது, வெளியிலதான் போகவேணும் என்று அடம்பிடிக்கிறாள். கடைசியில் அவளின் காலில் ஒரு கம்பளி நூலைக் கட்டி வெளியே விடுகிறான். முற்றத்துக்கு வந்ததும் அவள் நூலின் நுனியை அங்கே நின்ற பிளம்ஸ் மரத்தில் கட்டிவிட்டு ஓடுகிறாள். அவன் உள்ளே கிடந்து, இன்னும் முடியேல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பதில் வராமல் போகத்தான் எழும்பித் துரத்துகிறான். அவன் வந்து சேரும்போது அவள் தன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட்டாள்.

துவக்கு இல்லை, கோடரி இல்லை, ஆம்பிளையும் இல்லை. கிராமத்துப் பிள்ளை ஒருத்தியின் கைக்கு எட்டிய ஒரே பொய், அது வேலை செய்கிறது.

இதை வைத்து "இதுதான் மூலக்கதை, பெரோதான் கெடுத்தார்" என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. இந்த வடிவம் எழுத்தில் பதியப்பட்டது பெரோவுக்கு ஏறக்குறைய இருநூறு வருசத்துக்குப் பிறகு. வாய்மொழிக் கதை அந்தக் காலத்தில் எவ்வளவோ மாறியிருக்கலாம். டெலாறூவின் வாதம் வேறு மாதிரி. பெரோவைப் படித்துத்தான் இதைச் சொன்னார்கள் என்றால், எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரக்கூடிய சிவப்புத் தொப்பி எங்கே? பெரோவிடம் இல்லாத ஊசிப் பாதையும் பிளம்ஸ் மரமும் எங்கேயிருந்து வந்தன? அதனால் அச்சுக் கதைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வாய்மொழி மரபு ஓடிக்கொண்டிருந்தது என்று நம்ப இடமிருக்கிறது. அந்த மரபில் பிள்ளை தப்பிப்பது புதுமை இல்லை.

இன்னொரு ஆச்சரியம் கிறிம் தொகுப்பிலேயே ஒளிந்திருக்கிறது. வேட்டைக்காரன் முடிவுக்குப் பிறகு அந்தக் கதைக்கு ஒரு இரண்டாம் பகுதி இருக்கிறது. வேறொரு நாள் வேறொரு ஓநாய் வழியில் மறிக்கிறது. இந்த முறை பிள்ளை நிற்காமல் நேரே பாட்டியிடம் போய் விசயத்தைச் சொல்கிறாள். இரண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள். ஓநாய் கூரையில் ஏறிக் காத்திருக்கிறது. முதல்நாள் சொசேஜ் அவித்த தண்ணியை வாசலில் உள்ள பெரிய கல் தொட்டிக்குள் ஊற்றச் சொல்கிறாள் பாட்டி. பிள்ளை காவிக் காவி ஊற்றுகிறாள். வாசத்துக்குக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்த ஓநாய் சறுக்கித் தொட்டிக்குள் விழுந்து மூழ்கிப்போகிறது. வேட்டைக்காரன் இந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. படப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை வெட்டிவிட்டன. அதனால்தான் எங்களுக்கு ஒரு முடிவு மட்டும் தெரிகிறது.

இப்ப இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1939இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தேர்பர் இதை மிகச் சின்னதாகத் திருப்பி எழுதினார். கட்டிலில் கிடப்பது பாட்டி இல்லை என்று பிள்ளை தூரத்திலேயே கண்டுகொள்கிறாள். கூடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். வாசித்ததும் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கேள்வி-பதில் அங்கே இல்லை. காது, கண், பல் என்று ஒவ்வொரு படியாக ஏறுகிற அந்தப் பயம் போய்விடுகிறது. பகிடி நிற்கிறது, கதை நிற்கவில்லை.

1982இல் ரோல்ட் டால் செய்தது வேறு. தன் பாடல் வடிவக் கதையில் அவர் அந்தக் கேள்விகளை அப்படியே விட்டார். பிள்ளை காதைப் பற்றிக் கேட்கிறாள், கண்ணைப் பற்றிக் கேட்கிறாள். மூன்றாவதாகப் பல்லுக்குப் போகவேண்டிய இடத்தில், "என்ன வடிவான ரோமக் கோட்!" என்கிற மாதிரிச் சொல்லிவிடுகிறாள். ஓநாய்க்குக் கோபம் வருகிறது. நீ பல்லைப் பற்றியெல்லோ கேட்கவேணும், பிழையாச் சொல்லுறாய் என்று திருத்துகிறது. எங்களைப் போலவே ஓநாய்க்கும் கதை பாடமாகத் தெரியும். அது பழைய கதையை நம்பிக் கிடக்கிற அந்த நேரத்தில் பிள்ளை துவக்கை எடுக்கிறாள். பிறகு ஓநாய்த் தோல் கோட்டோடு நடந்து வருகிறாள்.

அந்தக் கோட்டும் புதுசு இல்லை. கிறிம் கதையில் ஓநாய்த் தோலை உரித்து வீட்டுக்குக் கொண்டு போவது வேட்டைக்காரன். டால் பழைய பொருளை எறியவில்லை, ஆளை மட்டும் மாற்றினார். கவர்ச்சி கெடாமல் தலைகீழாக்குவது என்பது இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கேட்பவர் காத்திருக்கிற சொற்களை வைத்திருக்கவேண்டும், அந்தக் காத்திருப்புக்குள்ளேயே திருப்பத்தை வைக்கவேண்டும். "பாட்டியின் கதை"யும் இதைத்தான் செய்தது. எல்லாக் கேள்வியும் முடிந்து, இனி அவ்வளவுதான் என்கிற இடத்தில்தான் பிள்ளை வெளிக்குப் போகக் கேட்கிறாள்.

டால் அதே புத்தகத்தில் இன்னொரு வேலையும் பார்த்தார். மூன்று பன்றிக்குட்டிகளின் கதையில் மூன்றாவது பன்றி பயந்துபோய் இந்தப் பிள்ளைக்கே போன் எடுக்கிறது. அவள் வந்து ஓநாயைச் சுடுகிறாள். இப்ப அவள்தான் மீட்பவள். கடைசியில் அவளிடம் இரண்டாவது ஓநாய்த் தோல் கோட் இருக்கிறது, பன்றித் தோலில் செய்த ஒரு பயணப் பெட்டியும் இருக்கிறது.

பன்றிக்கு என்ன நடந்தது என்று விளக்கத் தேவையில்லை. வேட்டைக்காரன் நின்ற இடத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்தால், அவன் கையிலிருந்த துவக்கும் அவனுக்கு இருந்த பலமும் அவளிடம் வந்துவிடுகின்றன, காப்பாற்றப்பட்டவர் அவளின் தயவில் நிற்கவேண்டி வருகிறது. நூலைப் பிளம்ஸ் மரத்தில் கட்டிவிட்டு ஓடின பிள்ளைக்கு யாரின்ட தோலும் தேவைப்படவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது வீட்டுக் கதவு மட்டும்தான்.