தந்தைக்கு மகள் எழுதும் பி.பி. கடிதம்

ஊரில் இருக்கும் தந்தை வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைப்பது எப்படி, எந்த நிலையில் மருத்துவரைக் கூப்பிடுவது என்று வெளிநாட்டு மகள் எழுதி அனுப்பும் கடிதம், பெரும்பாலும் ஒரு பி.பி. மெஷினோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. போனில் பத்து முறை சொன்னதைவிட இது பயன்படுவதற்குக் காரணம் எளிது. கடிதத்தை மடித்து மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் வரும் நேரத்தில் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

எடுத்துக்காட்டாக ஒரு கடிதத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். தந்தைக்கு 71 வயது, கும்பகோணத்தில் வீடு, காலையில் காபிக்குப் பிறகு ஒரு பி.பி. மாத்திரை. பாதரசம் ஏறி இறங்கும் பழைய கருவியில் டாக்டர் பார்ப்பதுதான் சரியான அளவு, பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் பெட்டியை நம்ப முடியாது என்பது அவர் கட்சி. அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பில் ரத்தக்குழாயின் சத்தத்தைக் கேட்கிறார். தானியங்கி மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. கையில் சுற்றிய பட்டை மெல்லத் தளரும்போது அதனுள் உண்டாகும் நுண்ணிய அதிர்வுகளை உணர்ந்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிடுகிறது. பேச்சும் கையசைவும் அந்த அதிர்வோடு கலந்துவிடும். ஆகவே மெஷினைப் பற்றிய வழக்கு பெரும்பாலும் உட்காரும் முறையைப் பற்றிய வழக்காகவே முடிகிறது.

கடிதத்தின் முதல் பகுதி அதனால் உட்காருவதைப் பற்றியது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் பார்க்க வேண்டும். முதுகு சாயும் நாற்காலி வேண்டும். ஸ்டூலோ கட்டில் விளிம்போ ஆகாது. பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும், கால்மேல் கால் கூடாது. கையை மேசைமேல் நீட்டி, பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்கடியில் ஒரு தலையணை. பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்ற வேண்டும். பிறகு 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கும்பகோணத்து வீட்டில் இதுதான் கடினம்: அந்த நேரத்தில்தான் பால்காரர் மணியடிப்பார். முதல் முறை பார்த்து ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பார்க்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்கு முன் இதே போல இரண்டு முறை.

பட்டையின் அளவையும் பார்க்க வேண்டும். மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் எல்லைக்குள் வருகிறதா என்று சரிபார்ப்பது கடிதம் சொல்லும் ஒருமுறை வேலை. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடர வேண்டும்.

இரண்டாம் பகுதி நோட்டுப் புத்தகம். இதற்காகத் தனிப் படிவம் அச்சடிக்கத் தேவையில்லை. நாள், நேரம், இரண்டு அளவு, நாடித்துடிப்பு, ஒரு வரிக் குறிப்பு போதும். அந்த நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: “செவ்வாய், காலை 6.40. 148/86, 72. 144/82, 70. மாத்திரைக்கு முன்.” இதில் நேர்மைக்கு வரும் சோதனை பெரியது. 148 என்று வந்தால் தந்தை மீண்டும் அழுத்துவார், ஐந்தாம் முறை 134 வரும், அதை எழுதுவார். அல்லது 130 என்று முழு எண்ணாக்கிவிடுவார். பொய் சொல்லும் எண்ணத்தில் அல்ல, மகள் கவலைப்படக் கூடாதே என்றுதான். கடிதத்தில் மகள் அடிக்கோடிட்ட வரி இதுவே: “நல்லா வந்த நம்பரை மட்டும் எழுதாதீங்க அப்பா. மெஷின் என்ன காட்டுதோ அதை அப்படியே எழுதுங்க.”

ஏன் அப்படி என்பது கணக்கில் தெரியும். மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் 7 நாள் பார்க்க வேண்டும். முதல் நாள் கை பழகாத நாள் என்று ஒதுக்கினால் மீதி 6 நாளில் 24 அளவுகள் இருக்கும். இந்தத் தந்தையின் காலை அளவுகளின் சராசரி 146/84, மாலைச் சராசரி 128/76, மொத்தச் சராசரி 137/80 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எடுக்கும் சராசரிக்குப் பரவலாக வழங்கும் எல்லை 135/85. மருத்துவமனை அறையில் எடுப்பதற்கு 140/90. மேல் அளவு எல்லையைத் தாண்டியிருக்கிறது. இவர் மருத்துவரிடம் போவதோ காலை 11 மணிக்கு, மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு. அங்கே 132/80 காட்டும், எல்லாம் சரி என்றாகிவிடும். முந்தின நாள் மாத்திரையின் வேகம் விடியற்காலையில் தீர்ந்துபோகிறதோ என்ற கேள்வியை எழுப்புவது நோட்டின் காலை வரிகள் மட்டுமே. மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவது மருத்துவர் வேலை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எல்லை இதைவிடக் குறையலாம் என்பதால், நல்ல கடிதம் அந்த எண்ணுக்கு வெற்றிடம் விட்டு மருத்துவரையே நிரப்பச் சொல்கிறது.

நாடி ஒழுங்கற்றுத் துடிப்பவர்களுக்கு இந்த மெஷின் தரும் எண் ஏறுக்குமாறாக இருக்கும். திரையில் அதற்கான இதயக்குறி அடிக்கடி வந்தால் அதையும் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெளிவு கிடைக்கும்.

மூன்றாம் பகுதி, யாரை எப்போது கூப்பிடுவது. ஒரே ஒரு முறை 160 காட்டினால் அது எழுதி வைக்கும் செய்தி, அவ்வளவுதான். 180/120 அல்லது அதற்கு மேல், இரண்டில் ஒன்று வந்தாலும், 5 நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை, ஆனால் உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். இன்னொரு மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. சட்டென்று இறங்கட்டும் என்று நிஃபெடிபின் மாத்திரையை நாக்குக்கடியில் வைக்கும் பழைய வழக்கம் ஆபத்தானது: அழுத்தம் திடீரென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையலாம். மறுபக்கம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், உட்கார்ந்து ஒருமுறையும் எழுந்து 3 நிமிடத்துக்குள் ஒருமுறையும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 குறைந்தால் அதுவும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. வயதானவர் குளியலறையில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை மங்கல் இவற்றில் ஒன்று வந்தால் மெஷினைத் தேடவே கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 120/80 காட்டுகிறதே என்று அரைமணி காத்திருப்பவர் அந்த நேரத்திலிருந்துதான் செலவழிக்கிறார்.

வெளிநாட்டுக் கடிதத்துக்கே உரிய சிக்கல் ஒன்று கடைசியில் வருகிறது. கும்பகோணத்தில் பகல் ஒன்றரை மணி என்றால் நியூ ஜெர்சியில் கோடையில் விடியற்காலை 4 மணி, குளிர்காலத்தில் 3 மணி. பதறும் தந்தை முதலில் மகளுக்குத்தான் அடிப்பார். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டச் சொல்லி அவள் அனுப்பும் சீட்டில் எண்கள் இந்த வரிசையில் இருக்கின்றன: 108, பக்கத்து வீடு, மருத்துவர். அவள் எண் நாலாவது.