கிகி சேலஞ்ச்: அசல் வீடியோவில் கார் இல்லை

2018 ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வந்திருந்தப்போ அக்கா மகன் என்னிடம் வந்து, "மாமா, கார் சாவி குடுங்க, பத்து நிமிசம்தான்" என்றான். பதினொன்றாம் வகுப்பு, லைசென்ஸ் கிடையாது. "எதுக்குல?" என்று கேட்டதும் ஒரு வீடியோவைக் காட்டினான். மெதுவா ஓடுற காரிலிருந்து ஒருத்தன் இறங்கி, திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே ஆடிக்கிட்டு வர்றான். ஓட்டுறவன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் போனுமா அதைப் படம் பிடிக்கிறான். எங்க வீட்டில் இவன் ஆடுவானாம், இவன் கூட்டாளி கார் ஓட்டுவானாம், ராஜபாளையம் ரோட்டில்.

சாவி தரமாட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "இருபது வீடியோ பாத்துட்டேன் மாமா, ஒருத்தன் கூட விழலையே?" அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பினதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் இது எங்கே ஆரம்பிச்சதுன்னு பார்ப்போம். கனடாப் பாடகர் டிரேக்கின் 'ஸ்கார்பியன்' ஆல்பம் 2018 ஜூன் 29 அன்று வந்தது. அதில் 'கிகி' என்ற பெயரைக் கூப்பிடும் பாட்டு ஒன்று. ஒன்றிரண்டு நாளுக்குள் ஷிகி என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் அந்தப் பாட்டுக்குத் தெருவில் நின்று ஆடி இன்ஸ்டாகிராமில் போட்டார். இதயம், ஸ்டியரிங் என்று பாட்டின் வார்த்தைகளுக்கு ஏற்ற கைச்சைகைகள், அவ்வளவுதான். யாரும் ஓடும் காரிலிருந்து இறங்கவில்லை. அவர் வைத்த ஹேஷ்டேக் #DoTheShiggy. அடுத்து அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓடெல் பெக்கம் ஜூனியர் ஒரு காரை ஒட்டி நின்று ஆடினார். கார் உள்ளே வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு யாரோ காரை நகரவிட்டார்கள். ஜூலை பாதிக்குள், 'கிகி சேலஞ்ச்' என்றாலே ஓடும் காரிலிருந்து இறங்குவதுதான் என்று ஆகிவிட்டது. நம்ம ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது இந்தக் கடைசிப் பிரதிதான்.

ஏன் ஆபத்தான பிரதி ஜெயிச்சது? ஆட்டம் ஒன்றேதான், பாட்டும் ஒன்றேதான். லட்சம் பேர் அதையே ஆடும்போது லட்சத்து ஒன்றாவது ஆளை யார் பார்ப்பாங்க? ஏதாவது ஒன்றைக் கூட்டினால்தான் விரல் நிற்கும். நல்லா ஆடுறது கஷ்டம், ஆபத்தைக் கூட்டுறது சுலபம். விழுந்தவர்களின் வீடியோவும் ஓடியது. கம்பத்தில் மோதியவர், ரோட்டில் உருண்டவர் என்று தொகுத்துப் போட்டார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் மும்பை, டெல்லி போலீசும் எச்சரித்தார்கள். நம்ம செய்தி சேனல்கள் எச்சரிக்கிறேன்னு அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டின. எங்க அக்காவே இதை டிவியில்தான் முதலில் பார்த்தாளாம்.

ஆகஸ்டில் மும்பைப் பக்கம் வசாயில் கார் போய் ரயில் வந்தது. நகரும் ரயிலிலிருந்து இறங்கி பிளாட்பாரத்தில் ஆடிய மூன்று இளைஞர்களை ரயில்வே போலீஸ் பிடித்தது. மூன்று நாள் ஸ்டேஷனைச் சுத்தம் செய்யச் சொல்லி கோர்ட் தண்டனை கொடுத்தது. தெருவில் நின்று ஆடியது ஆறே வாரத்தில் ரயில் வரைக்கும் வந்துவிட்டது.

இனி அக்கா மகனின் கேள்வி. இருபது வீடியோவில் ஒருத்தனும் விழவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விழுந்தவன் பெரும்பாலும் அந்தக் கிளிப்பைப் போடமாட்டான், நாலாவது முயற்சியில் சரியா வந்ததைத்தான் போடுவான். அதனால் மறுநாள் காலை வீட்டு வாசலில் நின்ற காரில் அவனையும் வைத்துக்கொண்டு டேப் பிடித்தேன். முன்சீட்டிலிருந்து இறங்கும்போது கால் படுகிற இடத்திலிருந்து பின்டயரின் முன்விளிம்பு வரை சுமார் ஒன்றேகால் மீட்டர். கார் மணிக்கு 9 கிலோமீட்டர் போகுதுன்னு வை. நடையை விட வேகம், ஓட்டத்தை விடக் குறைவு. பார்த்தால் ஊர்வது மாதிரிதான் இருக்கும். ஆனால் அது நொடிக்கு இரண்டரை மீட்டர். இறங்கியவன் தடுக்கி அங்கேயே விழுந்தால் பின்டயர் அரை நொடியில் அவன்மேல். முன்னால் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிற டிரைவருக்கே ஒரு விஷயத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். இங்கே அவன் பார்த்துக்கொண்டிருப்பது போன் திரையை.

தடுக்கவும் காரணம் இருக்கு. தரையில் பட்ட கால் நின்றுவிடும், உடம்பு காரின் வேகத்திலேயே முன்னால் போகும். பஸ்சிலிருந்து ஓடி இறங்கத் தெரிந்தவர்கள் பஸ் போகும் திசையைப் பார்த்தபடி இறங்கி நாலடி ஓடுவார்கள். கிகி ஆடுகிறவன் கேமராவைப் பார்க்கத் திரும்பி, பக்கவாட்டில் அடி வைக்கிறான். நம்ம ஊரில் கூடுதலாக ஒன்று: பயணி இறங்குவது இடதுபக்கம், அந்தச் சந்தில்தான் பைக்குகள் புகுந்து வரும்.

டேப்பைச் சுருட்டும்போது பயல் ஒன்றும் பேசவில்லை. "அரை நொடியா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கு நான் செய்ததை இப்போது எந்த சேலஞ்ச் வந்தாலும் செய்து பார்க்கிறேன். முதலில், அசல் வீடியோவைத் தேடிப் பிடிக்கிறது. ஆபத்து அதில் இருந்ததா, பிறகு ஒட்டிக்கொண்டதா? ஒட்டிக்கொண்டது என்றால் கழற்றிவிட்டே ஆடலாம். அப்புறம், சரியா வந்தால் எப்படி இருக்கும்னு பார்க்காமல், ஒரு அடி தப்பினால் அடுத்த ஒரு நொடியில் என்ன நடக்கும், அதை நிறுத்த யாராவது இருக்காங்களா என்று கேட்கிறது. தண்ணீர் வாளியைத் தலையில் கவிழ்க்கிற 2014 ஐஸ் பக்கெட் சேலஞ்சில் தப்பினால் பெரும்பாலும் நனைந்து நடுங்குவதோடு சரி. ஓடும் காரில் அப்படி இல்லை.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மூச்சை அடக்குவது, கழுத்தை இறுக்குவது, மாத்திரையையோ பொடியையோ விழுங்குவது போன்றவற்றில் டேப் பிடிக்க ஒன்றும் இல்லை. அங்கே ஆபத்தைக் கழற்றினால் விளையாட்டே மிஞ்சாது. மூச்சு விஷயத்தில் 'போதும்' என்று முடிவெடுக்க வேண்டிய மூளைதான் முதலில் மயங்கும். தனியறையில் செய்கிற பிள்ளையைப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். அதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக வேண்டாம் என்றுதான் சொல்லணும். சொல்லும்போது திட்டாமல் சொன்னால், அடுத்தது வரும்போது நம்மிடம் காட்டுவான்.

கிகியின் இன்னொரு பிரதியைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். ஜூலை கடைசியில் தெலங்கானாவின் லம்பாடிப்பள்ளி கிராமத்தில் 'மை வில்லேஜ் ஷோ' என்ற யூடியூப் குழு ஒரு வீடியோ எடுத்தது. அனில் கீலாவும் பில்லி திருப்பதியும் சேற்று வயலில் மாடு கட்டி உழுதுகொண்டே வந்து, மாடுகளுக்குப் பின்னாலிருந்து விலகி சேற்றில் ஆடினார்கள். உலகம் முழுக்கப் பார்த்தார்கள், டிரெவர் நோவா வரைக்கும் பாராட்டினார். இவர்களும் எதையோ கூட்டித்தான் ஜெயித்தார்கள், ஆனால் கூட்டியது ஆபத்தை இல்லை, தங்கள் ஊரை. மாடு உழவு வேகத்தில் போகுது, கீழே சேறு, விழுந்தால் வேட்டிதான் அழுக்காகும்.

இதைக் காட்டினதும் அக்கா மகன் அன்று சாயங்காலமே நின்ற காருக்குப் பக்கத்தில் ஆடி ஒன்று எடுத்தான். சாவி என் பையில்தான் இருந்தது. நாற்பது பேர் பார்த்தார்கள், அதில் பாதி சொந்தக்காரங்க.