கால்மானங்களும் பெட்டி வரைபடமும்: மலேசிய மாநிலங்களின் மக்கள்தொகை

வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்குகளாகப் பிரிக்கும் மூன்று புள்ளிகளே கால்மானங்கள். நடுவிலுள்ளது இடைநிலை. அம்மூன்றையும் ஒரு பெட்டியாக வரைந்து, மற்ற எண்களிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பவற்றைத் தனிப் புள்ளியாக இடுவது பெட்டி வரைபடம். விலகி நிற்கும் எண்ணைப் புறமதிப்பு என்கிறோம். இம்முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. 1977-இல் வெளிவந்த அவரது நூலில் இது விரிவாக இடம்பெற்றது.

மலேசியாவின் 13 மாநிலங்களும் 3 கூட்டரசுப் பிரதேசங்களும் கைக்கணக்குக்குப் பொருத்தமான அளவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை லட்சத்துக்கு முழுமையாக்கி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் கிடைப்பது:

லாபுவான் 1, புத்ராஜெயா 1, பெர்லிஸ் 3, மலாக்கா 10, திரெங்கானு 11, நெகிரி செம்பிலான் 12, பகாங் 16, பினாங்கு 17, கிளந்தான் 18, கோலாலம்பூர் 20, கெடா 21, சரவாக் 25, பேராக் 25, சபா 34, ஜொகூர் 40, சிலாங்கூர் 70.

மொத்தம் 16 எண்கள். நடுவில் இரண்டு எண்கள் வருவதால் இடைநிலை 17-க்கும் 18-க்கும் சராசரி, அதாவது 17.5. கீழ்ப்பாதியின் எட்டு எண்களில் நடுவில் உள்ளவை 10, 11. முதல் கால்மானம் 10.5. மேல்பாதியில் நடுவில் இருப்பவை 25, 25. மூன்றாம் கால்மானம் 25. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடு எண்ணை இரு பாதிகளிலும் சேர்ப்பதா, விடுவதா என்ற கேள்வி வரும். டூக்கி சேர்த்தார், பல பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. அதனால் ஒரே தரவுக்கு இரு விடைகள் வருவதுண்டு. எந்த முறை என்பதை விடையோடு குறிப்பிடுவது அவசியம்.

கால்மான இடைவெளி 25 − 10.5 = 14.5. அதன் ஒன்றரை மடங்கு 21.75. மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் மேல்வேலி 46.75, முதல் கால்மானத்திலிருந்து கழித்தால் கீழ்வேலி −11.25. வேலியைத் தாண்டும் எண்ணே புறமதிப்பு. இங்கே அது சிலாங்கூர் மட்டுமே.

வரைபடத் தாளில் 1 செ.மீ.க்கு 5 லட்சம் என அளவு வைத்தால், பெட்டி 2.1 செ.மீ.யில் தொடங்கி 5 செ.மீ.யில் முடியும், இடைநிலைக் கோடு 3.5-இல் விழும். பெட்டியிலிருந்து இருபுறமும் நீளும் கோடுகளே மீசைகள். இடப்பக்க மீசை 0.2 வரை போகும். வலப்பக்க மீசை 8-இல், ஜொகூரின் 40 லட்சத்தில் நிற்க வேண்டும். அதை வேலி வரை இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மீசை வேலிக்குள் இருக்கும் கடைசி உண்மையான எண்ணோடு முடியும். வேலியை வரைவதே இல்லை. சிலாங்கூர் 14 செ.மீ.யில் தனிப் புள்ளி.

இப்புள்ளியைக் கணக்கெடுப்புப் பிழை என்று நினைத்து நீக்கிவிடக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி சிலாங்கூரில் இருப்பதே அதற்குக் காரணம். எல்லைக்கோடும் இதில் பங்கு வகிக்கிறது. கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து 1974-இலும் புத்ராஜெயா 2001-இலும் பிரிக்கப்பட்டன. கொம்யூட்டர் ரயிலில் ஒரே தடத்தில் போய்வரும் கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும் இதனால் வெவ்வேறு வரிகளில் எண்ணப்படுகின்றன. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கினால் 91 லட்சம். மொத்தம் 14 எண்கள் ஆகும். ஆனாலும் இடைநிலை 17.5 ஆகவும் மூன்றாம் கால்மானம் 25 ஆகவும் அப்படியே இருக்கும். முதல் கால்மானம் மட்டும் 11 ஆகும். சராசரியோ 20.3 லட்சத்திலிருந்து 23.1 லட்சமாக ஏறிவிடும். ஓர் எண் பூதாகரமாக வளர்ந்தாலும் பெட்டி ஏறக்குறைய அசையாது என்பதே கால்மானங்களின் பலம்.

கீழ்ப்பக்கம்தான் இம்முறையின் பலவீனம். கீழ்வேலி எதிர்ம எண். மக்கள்தொகையோ பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே லாபுவான் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் புறமதிப்பாக முடியாது. இப்படி ஒருபுறம் நீண்டு கிடக்கும் தரவில் வித்தியாசத்தை விட்டு விகிதத்தைப் பார்ப்பதே பொருத்தம். முழுமையாக்காத எண்களை எடுத்து, நடு இரண்டின் பெருக்குச் சராசரியைக் கண்டால் கால்மானங்கள் 10.71, 24.75 லட்சம். அவற்றின் விகிதம் 2.31. ஒன்றரை மடங்குக்கு ஈடாக இதை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3.51. மூன்றாம் கால்மானத்தை 3.51-ஆல் பெருக்க மேல்வேலி சுமார் 87 லட்சம். முதல் கால்மானத்தை வகுக்கக் கீழ்வேலி 3.05 லட்சம்.

இப்போது 70 லட்சம் கொண்ட சிலாங்கூர் வேலிக்குள் வந்துவிடுகிறது. லாபுவானும் புத்ராஜெயாவும் வெளியே போகின்றன. பெர்லிஸ் 2.85 லட்சம் என்பதால் மயிரிழையில் வெளியே. ஆனால் லட்சத்துக்கு முழுமையாக்கிய எண்களோடு இதே கணக்கைப் போட்டால் கீழ்வேலி 2.85-க்கு இறங்கும், பெர்லிஸ் 3-க்கு ஏறும். அது உள்ளே வந்துவிடும். வேலியோரம் நிற்கும் எண்ணைப் புறமதிப்பு என்று அறிவிக்குமுன் முழுமையாக்காத எண்ணை வைத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.