வரிசை தப்பாத சொற்கள்

ஆங்கிலத்தில் almost என்று ஒரு தாளில் எழுதி, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். A, L, M, O, S, T. அகரவரிசையில் எப்படி வருமோ அப்படியே வந்து நிற்கின்றன. எந்த எழுத்தும் பின்னால் திரும்பிப் போகவில்லை. begins, biopsy, chintz ஆகியவையும் இதே மாதிரிதான். சரி, இப்படி இன்னும் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் மனம் சீக்கிரம் தடுமாறிவிடும். ஆறெழுத்தில் சில தேறும். ஏழெழுத்தில் billowy, beefily என்று ஒன்றிரண்டு, அவையும் ஒரே எழுத்தை இரண்டு முறை வைத்துக்கொண்டு. எட்டெழுத்தில் எல்லோரும் காட்டுவது aegilops. அது கோதுமையின் உறவான ஒரு காட்டுப் புல்லின் பெயர்.

இவற்றைத் தேடிப் பட்டியல் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. லினக்ஸ், மேக் கணினிகள் பலவற்றில் சொற்பட்டியல் கோப்பு ஒன்று இருக்கும். அதில் இந்த ஒரு வரி போதும்:

```
grep -E '^a*b*c*d*e*f*g*h*i*j*k*l*m*n*o*p*q*r*s*t*u*v*w*x*y*z*$' /usr/share/dict/words
```

ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் இருக்கும் உடுக்குறி, அந்த எழுத்து வராமலும் இருக்கலாம், பல முறை வந்தாலும் சரி என்று சொல்கிறது. ஆனால் முறை மட்டும் மாறக்கூடாது. திரையில் வருவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. சுருக்கெழுத்துகளும், யாரும் பேசாத அகராதிச் சொற்களும் கலந்து வரும். அவற்றைக் கையால்தான் களைய வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைவு? கணக்குப் போடுகிறவர் உடனே ஒரு பதில் சொல்வார். வெவ்வேறான ஆறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம். அதில் ஒன்றே ஒன்றுதான் அகரவரிசை. ஏழு என்றால் 5040-இல் ஒன்று, எட்டு என்றால் 40320-இல் ஒன்று. சொல் நீள நீள வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடுகிறது. நியாயமான பதில்தான். ஆனால் அது பாதிப் பதில்.

இந்தக் கணக்கு முழுக்க உண்மையென்றால், தலைகீழ் வரிசையில் அமைந்த சொற்களும் இதே அளவுக்கு அரிதாக இருக்க வேண்டும். Z-இலிருந்து A-வை நோக்கி இறங்குவதும் ஒரே ஒரு அடுக்குதானே? ஆனால் தேடிப் பார்த்தால் wronged கிடைக்கிறது, sponged கிடைக்கிறது. இரண்டும் ஏழெழுத்து, இரண்டிலும் ஓர் எழுத்துகூடத் திரும்ப வரவில்லை. spoonfeed என்று சேர்த்து எழுதினால் ஒன்பது எழுத்து. ஏறுமுகத்தில் இவ்வளவு சாதாரணமான சொல் இந்த நீளத்துக்குக் கிடைப்பதில்லை. அப்படியென்றால் ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே ஒரு சரிவு இருக்கிறது.

அந்தச் சரிவு பெரும்பாலும் சொல்லின் கடைசியில் இருக்கிறது. இறந்தகாலம் காட்டும் -ed விகுதியில் E முதலில், D பின்னால். -ing விகுதியில் N-க்குப் பிறகு G. -ness, -tion எல்லாமே பின்னால் திரும்புபவை. முன்னால் ஒட்டும் re-, un- கூட அப்படித்தான். இதைவிடப் பெரிய எதிரி E. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து அது. அதன் இடமோ ஐந்தாவது. E-இல் முடியும் ஒரு சொல் வரிசையில் நிற்க வேண்டுமென்றால், A முதல் E வரையுள்ள ஐந்து எழுத்துகளுக்குள்ளேயே அது அமைந்தாக வேண்டும். ace, bee என்று விரல்விட்டு எண்ண வேண்டியதுதான். ஏறுமுகத்துக்கு உதவுகிற கடைசி எழுத்துகள் S, T, Y போன்ற சிலவே. நாம் மேலே பார்த்த சொற்கள் எப்படி முடிகின்றன என்று திரும்பிப் பாருங்கள், புரியும்.

இங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது. E-ஐ ஐந்தாவது இடத்திலும் Y-ஐக் கடைசியிலும் உட்கார வைத்தது யார்?

நம் க, ங, ச, ஞ வரிசை தொண்டையில் தொடங்கி உதட்டை நோக்கி வருகிறது. அதில் ஒலி சார்ந்த ஒரு நியாயம் இருக்கிறது. A, B, C வரிசையில் அப்படி எதுவும் தெரியவில்லை. அது வாழையடி வாழையாக மனப்பாடம் செய்து வந்த வரிசை. சிரியாவின் கடற்கரையில் உகரித் என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், 3200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வரிசையின் எலும்புக்கூடு இருக்கிறது. பிறகு பினீசியரிடமிருந்து கிரேக்கர் அதை வாங்கினார்கள். பினீசியருக்கு மெய்யாக இருந்த சில எழுத்துகள் கிரேக்கருக்குத் தேவைப்படவில்லை. அவற்றை உயிரெழுத்தாக மாற்றி, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். உயிரெழுத்துகள் ஒன்று சேராமல் 1, 5, 9, 15 என்று சிதறிக் கிடப்பது இதனால்தான்.

அடுத்து ரோமானியர். அவர்களுடைய ஆரம்பகால வரிசையில் ஏழாவது இடம் Z-க்கு. லத்தீனுக்கு அது தேவைப்படாமல் போனதால் விழுந்துவிட்டது. இன்னொரு பக்கம், நம் க போல, அவர்களுடைய C இரண்டு ஒலிகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அந்த C-இல் ஒரு சிறு கோடு சேர்த்து G உண்டாக்கினார்கள். ஸ்பூரியஸ் கார்விலியஸ் என்ற பள்ளி ஆசிரியர் செய்த வேலை அது என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். புது எழுத்து காலியாகிப்போன ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தது. பின்பு கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களை எழுத Y-யும் Z-உம் வேண்டியிருந்தன. Z-இன் பழைய இடத்தில் G இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டும் வாலில் ஒட்டின. பல நூற்றாண்டுகள் கழித்து V-யிலிருந்து பிறந்த W-வும் அந்த வாலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

இப்போது நம் சொற்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். கிரேக்கர் வைத்திருந்தது போல G மூன்றாவது இடத்திலேயே இருந்திருந்தால் begins என்ற சொல் E-யைத் தாண்டியதும் உடைந்திருக்கும். W-வும் Y-யும் கடைசிக்கு வராமல் போயிருந்தால் billowy இல்லை.

aegilops கதை இன்னும் வேடிக்கை. அது கிரேக்கச் சொல். ஆனால் கிரேக்க எழுத்தில் அது வரிசையில் இல்லை. ஆல்ஃபாவுக்குப் பிறகு அயோட்டா, அதற்குப் பிறகு பின்னோக்கிக் காமா. முடிவிலும் கடைசி எழுத்தான ஒமேகா முந்திக்கொண்டு, ப்ஸை பின்னால் வருகிறது. ரோமானியர் அதைத் தங்கள் வழக்கப்படி எழுதியபோதுதான் இரண்டு இடறலும் சரியாயின. எட்டெழுத்து அற்புதம் பிறந்தது ஒலிபெயர்ப்பில்.

chintz நமக்குப் பக்கத்துச் சொல். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாகப் போன, பூப்போட்ட பருத்தித் துணி. நாம் சீட்டித்துணி என்கிறோமே, அந்தச் சீட்டியும் இதுவும் ஒரே வேர். ஆங்கிலேயர் முதலில் அதைப் பன்மையாக chints என்றுதான் எழுதினார்கள். அதில் T-க்குப் பிறகு S, வரிசை தப்புகிறது. அது பன்மை என்பதே மறந்துபோய், S இருந்த இடத்தில் Z எழுதத் தொடங்கியபோது சொல் நேரானது. அதுவும் Z தன் ஏழாவது இடத்தை இழந்து வாலுக்கு வந்திருந்ததால்தான்.

இந்தச் சொற்கள் அரிதாக இருப்பதற்குக் கணக்கு ஒரு காரணம். அந்த அரிதிலும் எது தப்பிப் பிழைத்தது என்பதற்கு, யாரோ ஒரு ரோமானிய வாத்தியார் காலி நாற்காலியில் ஓர் எழுத்தை உட்கார வைத்ததும் ஒரு காரணம்.