பேனா வரைந்த நூலகமும் கணினி கட்டிய நூலகமும்

நூலகத்தின் உட்புறத்தை வரைவதில் இரண்டு கண்டங்கள் உண்டு. ஒன்று, அலமாரிப் பலகைகள் நேராக இருக்க வேண்டும்; கோணல் ஒரு துளி தெரிந்தாலும் அறை முழுவதும் சரிந்துபோகும். மற்றது, அந்தப் பலகைகளில் நிற்கும் புத்தகங்கள் அவ்வளவு நேராக இருக்கக் கூடாது. வண்ணப் பட்டைகளை அடுக்கினாற்போல் நின்றால் எவரும் அவற்றைப் புத்தகம் என்று நம்பமாட்டார். பேனாவும் மையுமாக வரையும் ஓவியரையும், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் அதே அறையைக் கட்டும் கலைஞரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், ஒரு வேடிக்கை புலப்படும். பேனாக்காரருக்கு நேர்கோடு உழைத்துப் பெற வேண்டியது, ஒழுங்கின்மையோ கேளாமலே வருவது. கணினிக்காரருக்கு நேர்கோடு கேளாமலே வருவது, ஒழுங்கின்மைதான் உழைத்துப் பெற வேண்டியது.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஓர் அறையை வைத்துக்கொள்வோம். நீண்ட கூடம், இரு சுவர்களிலும் பத்துப் பத்து அலமாரிகள். ஒவ்வொன்றும் 90 செ.மீ. அகலம், ஏழு தட்டுகள், தட்டுக்குத் தட்டு 30 செ.மீ. இடைவெளி. நடுவே நீள வாசிப்பு மேசைகள், அவற்றின்மேல் விளக்குகள். ஒரு புத்தகத்தின் சராசரித் தடிமன் 3 செ.மீ. என்றால் தட்டுக்கு 30, அலமாரிக்கு 210, கூடத்துக்கு 4,200 புத்தகங்கள். இந்த 4,200 என்ற எண்ணை இரு தரப்பாரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

முதலில் பலகைகளைப் பார்ப்போம். பேனா ஓவியர் கண்மட்டக் கோட்டை வரைந்து, அதில் மறைபுள்ளியைக் குறித்து, எல்லாப் பலகைகளையும் அந்தப் புள்ளியை நோக்கி இழுக்கிறார். கண்மட்டத்துக்கு மேலுள்ள பலகைகள் தொலைவு செல்லச் செல்லக் கீழிறங்கும், கீழுள்ளவை மேலேறும், கண்மட்டத்திலேயே உள்ள பலகை மட்டும் தட்டையாக ஓடும். முதல் அலமாரியின் அகலத்தை முடிவு செய்துவிட்டால், மூலைவிட்டங்களின் உதவியால் அடுத்த அலமாரி எங்கே முடிகிறது என்பதைக் கண்டுகொள்ளலாம். இதில் சோம்பல் பட்டு, குத்துமதிப்பாக அலமாரிகளைக் குறுக்கிக்கொண்டே போனவர், ஆறாவது அலமாரிக்கு வரும்போது மாட்டிக்கொள்வார்: அது ஐந்தாவதைவிட அகலமாகத் தெரியும்.

கணினிக் கலைஞருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு அலமாரியைக் கட்டி, ஒன்பது முறை பிரதி எடுத்தால் ஒரு சுவர் முடிந்தது. மறைபுள்ளியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அவர் வேறோர் இடத்தில் வழுக்குகிறார். உயரமான அலமாரி முழுவதும் படத்துக்குள் வர வேண்டுமென்று கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கிறார். உடனே செங்குத்துக் கட்டைகள் எல்லாம் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. கேமராவை நிமிர்த்தி வைத்துவிட்டு, Shift Y என்ற அமைப்பால் சட்டகத்தை மட்டும் மேலே நகர்த்துவதே இதற்கு மருந்து. பேனாக்காரர் மூலைமட்டம் வைத்துச் செங்குத்துக் கோடுகளை இழுக்கும்போது, தன்னையறியாமல் செய்வதும் இதையேதான்.

இன்னொரு பொருத்தம் எதிர்பாராதது. ஓவியப் பள்ளிகளில் பார்வைக் கூம்பு 60 பாகைக்குள் இருக்கட்டும் என்பார்கள். அதைத் தாண்டினால் ஓரத்துப் பொருள்கள் இழுபடும். 36 மி.மீ. அகல சென்சாருக்கு 60 பாகை என்பது ஏறக்குறைய 31 மி.மீ. லென்ஸ். முழுக் கூடத்தையும் அடக்க 18 மி.மீ. லென்ஸ் வைத்தவரின் படத்தில், ஓரத்துப் புத்தகங்கள் அகராதிபோல் பருத்துக் கிடக்கும். கருவிகள் வேறு, பிழை ஒன்று.

நேர் என்றால் எவ்வளவு நேர்? மரப்பலகை பாரத்தில் வளைவது இயற்கை. ஒரே சீரான பாரத்தில், பலகையின் நீளம் 90 செ.மீ.யிலிருந்து 120 ஆனால் தொய்வு மூன்று மடங்குக்கு மேல் கூடும். தடிமனை இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறையும். நூலகத்துக்குச் செய்யும் அலமாரிகள் பெரும்பாலும் 90 செ.மீ. அளவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தடித்த தேக்குப் பலகையில் தொய்வு காட்டுவது பொய், நேராகவே வரையலாம். கணினிப் படத்தில் பலகையின் விளிம்பைக் கத்திமுனையாக விடாமல், ஒரு மில்லிமீட்டர் மழுங்கடித்து ஒளிக்கீற்று ஒன்று ஓடவிட்டால் போதும். பேனாவில் பென்சில் கோட்டை அளவுகோலால் இழுத்து, மையை அதன்மேல் கையாலேயே ஓட்டினால் போதும். மையையும் அளவுகோலால் இழுத்த நூலகங்கள் கட்டட வரைபடம்போல் ஆகிவிடுகின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை.

இனி புத்தகங்கள். பேனா ஓவியரின் கை தானாகவே ஒன்றை உயர்த்தும், அடுத்ததைத் தாழ்த்தும், முதுகுக்கோட்டைச் சற்று வளைக்கும். அதனால் அவர் கவனம் தளர்ந்துவிடுகிறார். ஐந்துக்கு ஒரு புத்தகத்தைச் சாய்த்தும் விடுகிறார். கணினிக்காரரோ இருபது மாதிரிப் புத்தகங்களைச் செய்து, அவற்றைத் தற்போக்காக இறைத்து, ஒவ்வொன்றையும் தற்போக்காகச் சில பாகைகள் திருப்புகிறார். அருகில் போய்ப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் அட்டைக்குள் புகுந்திருக்கும். இருவரும் மறந்தது ஒரே உண்மையை: நிறைந்த தட்டில் புத்தகம் சாயாது. இடம் காலியாக இருந்தால்தான் சாயும். அதுவும் வரிசையின் கடைசியில், நிற்பவற்றின்மேல் தலையைச் சாய்த்து, அதன் பின்னால் வருபவையும் அதே பக்கமாக. ஒரு தட்டில் நான்கைந்து புத்தகங்கள் வலமும் இடமுமாகச் சாய்ந்திருந்தால் அதை வரைந்தவர் நூலகத்தைக் கவனித்ததில்லை.

நம்பகம் என்பது தனிப் புத்தகத்தில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது என்பதே இரு முறைகளுக்கும் பொதுவான பாடம். நூலகம் வீட்டு அலமாரி அன்று. அங்கே கலைக்களஞ்சியத்தின் இருபது தொகுதிகள் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் நிற்கும். ஆண்டுவாரியாகப் பைண்டு செய்த இதழ்கள் ஒரே ரெக்சினில், பொன்னெழுத்தில் ஆண்டு மட்டும் மாறி நிற்கும். பிரிந்துபோய்க் காலிகோ ஒட்டி மறுகட்டு செய்யப்பட்டவற்றின் முதுகில் தலைப்பே இராது. நடுவில் தைத்த சிறு நூல்களுக்கு முதுகென்று ஒன்று இல்லவே இல்லை. பக்கங்களின் மெல்லிய மடிப்பு மட்டும் தெரியும். இவற்றுக்கெல்லாம் குறுக்கே, முதுகின் அடிப்பகுதியில், வரிசை எண் எழுதிய வெள்ளைச் சீட்டுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடும். புத்தகங்களின் தலைகள் எவ்வளவு ஏறி இறங்கினாலும் இந்தச் சீட்டுகளின் வரிசை மட்டும் கலையாது. பேனாவில் இதற்கு மை படாத ஒரு சிறு வெள்ளைச் சதுரம் போதும். கணினியில் சீட்டைத் தனிப் பொருளாக ஒட்ட வேண்டும். முதுகுப் படத்தோடு சேர்த்தே வரைந்துவிட்டால், புத்தகத்தைத் தடிமனாக்கும்போது சீட்டும் எழுத்தும் சேர்ந்து பருத்துப்போகும்.

எழுத்து என்றதும் ஒன்று. ஆங்கில நூல்களின் முதுகெழுத்து பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும். பிரெஞ்சு நூல்களில் கீழிருந்து மேலாக ஏறுவது வழக்கம். பாரிஸ் நூலகம் என்று சொல்லி லண்டன் முதுகுகளை நிறுத்துவது கணினிக் கலையில் அடிக்கடி நடக்கிறது, ஏனெனில் முதுகுப் படங்களை எங்கிருந்தோ வாங்கிவருகிறார்கள். பேனாக்காரர் தலைப்பை எழுதுவதே இல்லை; நான்கைந்து புள்ளிகளும் ஒரு கோடும் வைத்து நகர்ந்துவிடுகிறார். போலி எழுத்தைவிட எழுத்தின் நிழல் மேல் என்பது என் கட்சி. ஆனால் இதற்கு ஒரு பெரிய எதிர்வாதமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஜூசெப்பே மரியா கிரெஸ்பி, பொலோன்யாவில் இசைநூல் அலமாரி ஒன்றைத் தத்ரூபமாக வரைந்தார். அந்த முதுகுகளில் உண்மையான இசை நூல்களின் பெயர்களே இருக்கின்றன. தேய்ந்த தோலும் ஒழுங்கற்ற அடுக்குமாக, கை போய் எடுக்கத் தூண்டும் வரிசை அது. கண்ணருகே நிற்கும் ஓர் அலமாரிக்கு அது தகும், 4,200க்குத் தகாது.

மேல்தட்டுகளிலும் கீழ்த்தட்டுகளிலும் இருவர் பிழையும் இடம் மாறிக்கொள்கின்றன. கண்மட்டத்துக்கு மேலுள்ள தட்டில் பலகையின் அடிப்புறம் தெரியும், புத்தகத்தின் தலைப்புறம் தெரியாது. பேனாக்காரர் பழக்கத்தில் அங்கேயும் தாள்களின் தலையை வரைந்துவிடுவார். கணினி அந்தத் தவற்றைச் செய்யவே செய்யாது. ஆனால் கண்மட்டத்துக்குக் கீழே புத்தகத்தின் தலைப்புறம் தெரியும்; அங்கே அட்டை வெளியேயும் தாள்கட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயும் இருக்க வேண்டும். வெறும் செங்கல் வடிவத்தில் புத்தகம் செய்தவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார்.

கடைசியாக விளக்கு. இதை அலங்காரம் என்று நினைப்பவர் பலர். இரு முறைகளிலும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரி அதுதான். மேசை விளக்கின் மூடி ஒளியைக் கீழே தள்ளும். மேல்தட்டுகளுக்குக் கசிவொளிதான் போகும். விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் உள்ள பரப்புக்குக் கிடைக்கும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூன்று மீட்டரில் கிடைக்கும். ஆகவே கீழே இரண்டு மூன்று தட்டுகளின் முதுகுகள் மட்டுமே சாட்சி சொல்ல வேண்டும். பேனாவில் விளக்கைச் சுற்றித் தாளை வெறுமையாக விட்டு, மேலே போகப் போகக் கோடுகளை நெருக்கினால், அங்கே புத்தகங்கள் வெறும் செங்குத்துக் கீறல்களாக இருந்தாலும் எவரும் கேட்கமாட்டார். கணினியில் Blackbody மதிப்பை 2700 அளவில் வைத்து, கூரை விளக்கை அணைத்துவிட்டால், இருபது மாதிரிகள் திரும்பத் திரும்ப வருவது இருளில் மறையும். வெளிச்சத்தில் அது மறையாது: ஒரு தட்டுக்கு முப்பது புத்தகம், மாதிரி இருபதே என்றால், பளிச்சென்ற சிவப்பு முதுகு ஒன்று தட்டுக்குத் தட்டு மீண்டும் வந்து காட்டிக்கொடுக்கும். நிறங்களை மங்கலாக வைத்து, Object Info தரும் Random மதிப்பால் புத்தகத்துக்குப் புத்தகம் சாயலை மாற்றுவது நல்லது.

பலகைக்கும் புத்தகத்தின் தலைக்கும் இடையே உள்ள ஐந்தாறு செ.மீ. இருட்டும் இருவருக்கும் உயிர்நாடி. பேனாக்காரர் அந்தப் பட்டையை அடர்த்தியாக நிரப்பினால், தட்டு தானே முன்னுக்கு வரும். கணினியில் அது தானே விழும். அலமாரிக்கு முதுகுப்பலகை போட மறந்திருந்தால் மட்டும் பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

எதைத் தேர்வது? கேமரா அறைக்குள் நடக்க வேண்டும், அல்லது நாளைக்கு வேறு கோணம் கேட்பார்கள் என்றால் கணினியே வழி; பேனாவில் கோணம் மாறினால் வேலை முதலிலிருந்து தொடங்கும். ஒரே ஒரு பக்கத்துக்கு, ஒரே ஒரு விளக்கொளியில் ஒரு கூடம் வேண்டுமென்றால் பேனா விரைவானது, நம்பகமும் கூடியது. இரண்டில் எதைக் கையிலெடுத்தாலும், முதலில் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் ஒரே ஒரு தட்டை, முப்பது முதுகுகளையும் வரிசை பிசகாமல், பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.