முதிர்ந்த வைப்புத்தொகையைக் கூட்டுறவுச் சங்கம் தராவிட்டால்…

கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட நிரந்தர வைப்புத்தொகை முதிர்ந்த பிறகும், "அடுத்த வாரம் வாருங்கள்" என்றே சங்கம் சொல்லிக்கொண்டிருந்தால், வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற வேண்டும்.

முதலில் அது எந்தப் பணம் என்பதைப் பார்க்க வேண்டும். பங்குப் பணத்திற்கு முதிர்வுத் தேதி கிடையாது. அதைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் உறுப்பியத்திலிருந்து விலக வேண்டியிருக்கும். வைப்புத்தொகைச் சான்றிதழில் முதிர்வுத் தேதியும் வட்டி விகிதமும் இருக்கும். சான்றிதழின் பின்பக்கத்தையும் படிப்பது நல்லது. தானாகவே புதுப்பிக்கப்படும் என்று அங்கு அச்சிட்டிருந்தால், சங்கம் அதையே காரணம் காட்டக்கூடும்.

ஓர் உறுப்பினர் 10.3.2024 அன்று 8,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் ஓராண்டுக்குப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். 10.3.2025 அன்று அவருக்குச் சேர வேண்டியது 8,320 ரிங்கிட். ஜூன் 2 வரை பணம் வரவில்லை. அவர் சங்கச் செயலாளருக்கு எழுதும் கடிதத்தில் உறுப்பினர் எண், சான்றிதழ் எண், இரு தேதிகள், தொகை, எந்தெந்த நாளில் நேரில் போய்க் கேட்டார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். முடிவில் இரண்டே வரி போதும்: "ஜூன் 16-க்குள் 8,320 ரிங்கிட்டை என் கணக்கில் செலுத்துங்கள். செலுத்த முடியாவிட்டால், சங்க விதியின் எந்தப் பிரிவின்படி நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்."

இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். அவர் எப்போதோ ஒரு நண்பரின் கடனுக்குப் பிணை நின்று, அந்தக் கடன் நிலுவையில் இருந்தால், சங்கம் அதற்காகப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். கேட்டால்தான் அது வெளியே வரும்.

கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். நேரில் கொடுத்தால், நகலில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழின் நகலை மட்டும் இணைத்தால் போதும். பணம் கைக்கு வராமல் மூலச் சான்றிதழை ஒப்படைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், அதே கடிதக் கட்டுடன் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் மாநில அலுவலகத்தில் புகார் செய்யலாம். 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கங்களைக் கண்காணிப்பது அந்த ஆணையமே. ஆனால், சங்கத்தின் கையில் பணமே இல்லையென்றால் ஆணையம் தன் பணத்தைத் தராது. வங்கி வைப்புத்தொகைக்கு இருக்கும் பிடாம் காப்புறுதியும் கூட்டுறவு வைப்புத்தொகைக்கு இல்லை.

காலத்தையும் கவனிக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தப் பணத்திற்கு வழக்குத் தொடரப் பொதுவான வரம்பு 6 ஆண்டுகள். வாய்மொழி வாக்குறுதிகளால் அது நீளாது.

சீட்டுப் பணத்திற்கு இந்த வழி பொருந்தாது. கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அதில் ஏமாந்தவர்கள் போலீசில் புகார் செய்யலாம்.