ஓய்வு நேரத்தில் ஓடிய பிள்ளைகள்: 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் விட்டுச்சென்ற பாடம்

'உடல் எடை' என்ற தலைப்பு தேர்வில் வந்தால் பெரும்பாலான மாணவர்கள் துரித உணவு, கைப்பேசி, உடற்பயிற்சியின்மை என்று மூன்று காரணங்களை எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அதே தலைப்புக்கு ஒரு வரலாறும் இருக்கிறது, அதுவும் நம் பக்கத்திலேயே நடந்தது. ஆசிரியர்களுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது. ஏன்னா, அந்த வரலாற்றில் எடைபோட்டவர்களும் பட்டியல் எழுதியவர்களும் ஆசிரியர்கள்தான்.

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1992-இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. நோக்கத்தில் தவறு சொல்ல முடியாது. நாடு வேகமாக வளர்ந்த காலம் அது. பிள்ளைகளின் எடையும் கூடிக்கொண்டிருந்தது. நீரிழிவும் இதய நோயும் பின்னால் வரும் என்ற கவலை உண்மையானது. சிற்றுண்டிச்சாலையில் எண்ணெய்ப் பலகாரங்களையும் இனிப்புப் பானங்களையும் குறைப்பது, உணவைப் பற்றிக் கற்பிப்பது, எல்லா மாணவர்களின் உடலுறுதியையும் உயர்த்துவது எல்லாம் திட்டத்தில் இருந்தன. ஆனால் மக்கள் நினைவில் நின்றது இன்னொரு பகுதி. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, அவர்களுக்கு மட்டும் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள்.

பிரித்தது எப்படி? ஒவ்வொரு உயரத்துக்கும் ஓர் அளவு எடை அட்டவணையில் இருக்கும். பிள்ளையின் எடை அதில் 120 விழுக்காட்டைத் தொட்டால் பட்டியலில் பெயர் ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஓர் உயரத்துக்கு அளவு எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 48 கிலோ உள்ள பிள்ளை பட்டியலில் இருக்கும், 47 கிலோ உள்ள பிள்ளை இருக்காது. இருவருக்கும் இடையே உடல்நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பள்ளி வாழ்க்கை மாறிவிடும். நண்பர்கள் சாப்பிடப் போகும் ஓய்வு நேரத்திலோ, பள்ளி தொடங்கும் முன்போ, முடிந்த பின்போ முதல் பிள்ளை ஓட வேண்டும். திடலைச் சுற்றி ஓடுவது யார் என்று பள்ளி முழுவதும் பார்க்கும்.

திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம் டி.ஏ.எஃப். அதைத் திருப்பிப் படித்தால் எஃப்.ஏ.டி., அதாவது 'குண்டு'. பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

திட்டம் பலன் தந்ததா? தந்தது என்று காட்டும் எண்கள் உண்டு. 1992-க்கும் 2000-க்கும் இடையில் எடை மிகுந்தோர் விகிதம் 11–12 வயதினரிடையே 16.6 விழுக்காட்டிலிருந்து 14.6-ஆகவும், 15–16 வயதினரிடையே 15.5-லிருந்து 13.1-ஆகவும் குறைந்தது. நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேர். பல நாடுகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது இது சிறிய வெற்றி அல்ல.

இங்கேதான் வரலாற்று மாணவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் கேள்வி: இந்த இறக்கம் எதனால் வந்தது? சிற்றுண்டிச்சாலை மாற்றமும் பாடமும் தனிப் பயிற்சியும் ஒரே நேரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் நடந்தன. ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் இல்லாத பள்ளிகள் இல்லை. ஆகவே பிரித்து ஓடவிட்டதால்தான் எடை குறைந்தது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வி: எதை அளக்கவில்லை? எடையை அளந்தார்கள், ஓட்டத்தை அளந்தார்கள், நன்றாகச் செய்த பள்ளிகளுக்கு விருதும் கொடுத்தார்கள். கேலிக்கு ஆளான பிள்ளை எத்தனை பேர், ஓய்வு நேரத்தை நினைத்தாலே பயந்தவர் எத்தனை பேர் என்பது எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

கேலி திட்டத்தால் பிறந்ததல்ல, முன்பே இருந்தது. 1961-இல் அமெரிக்காவில் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் காட்டி, யாரை அதிகம் பிடிக்கும் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோல் வைத்த பிள்ளை, சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளை, கை இழந்த பிள்ளை எல்லாரும் அதில் இருந்தார்கள். கடைசி இடம் பருமனான பிள்ளைக்குத்தான் கிடைத்தது. 40 ஆண்டு கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வெறுப்பு இன்னும் கூடியிருந்தது. இப்படிப்பட்ட மனநிலை உள்ள வகுப்பறையில் பள்ளியே ஒரு பட்டியலைப் போட்டுத் தந்தால் கேலிக்கு அது அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடும்.

2000-களின் நடுவில் பெற்றோரும் மருத்துவர்களும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைக்கும் நோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலர் இத்திட்டத்தில் இருந்தவர்கள் என்பதையும் மருத்துவர்கள் கவனித்தார்கள். அது காரணத்தை நிரூபிக்காது, ஆனால் எச்சரிக்கை மணி. 2007-இல் திட்டம் முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக வந்த முழுமை உடல்நலத் திட்டம் பட்டியல் போடுவதை விட்டு, எல்லா மாணவர்களின் உடல், மன, சமூக நலத்தையும் சேர்த்துப் பார்த்தது.

பள்ளியை விட்டு வெளியே வந்தாலும் கோடு கூடவே வருகிறது. மலேசியாவில் ஒரு விமானப் பணிப்பெண் 25 ஆண்டு வேலை செய்தவர். அவருடைய உயரத்துக்கு நிறுவனம் வைத்த வரம்பைவிட 0.7 கிலோ கூடுதலாக இருந்தார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எடையைக் குறைக்கப் போதிய வாய்ப்பு கொடுக்கப்பட்டது என்று கூறி, தொழில் நீதிமன்றம் 2020-இல் அந்த நீக்கத்தைச் சரி என்றது. 160 செண்டிமீட்டர் உயரத்துக்கு வரம்பு 61 கிலோ, அவர் 61.7. உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி அந்த உயரத்துக்குக் கூடுதல் எடை தொடங்குவதே 64 கிலோவில்தான்!

கிளினிக்கிலும் இதே கதைதான். எந்த வலியோடு போனாலும் "முதல்ல வெயிட்டக் குறைங்க" என்ற பதிலைக் கேட்டவர் அடுத்த முறை போகத் தயங்குவார். தள்ளிப்போட்டால் நோய் முற்றிய பிறகுதான் தெரியவரும். கருவிகூடத் தவறு செய்யும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 விழுக்காட்டை மூட வேண்டும். பெரிய பட்டை கேட்பது நோயாளியின் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெட்கப்படுத்தினால் இளைப்பார்கள் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட நடுத்தர, முதிய வயதினரை 2006-லிருந்து 2010 வரை கவனித்தார்கள். தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களில், எடைக்காகப் பாகுபாட்டை உணர்ந்தவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 'கேலியும் ஒரு மருந்து' என்று சொல்பவர்களுக்கு இது போதிய பதில்.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியிலும் உயரம், எடை அளக்கும் நாள் வரும். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக அழையுங்கள். எண்ணை உரக்கப் படிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்புத் தலைவரிடம் தாளைக் கொடுக்காதீர்கள். கூடுதல் பயிற்சி தேவை என்றால் வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யட்டும்.

மாணவர்களே, இந்தத் திட்டத்தைக் கட்டுரையில் எழுதினால் 'வெற்றி', 'தோல்வி' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். குறைந்த இரண்டு விழுக்காட்டையும் எழுதுங்கள், யாரும் எண்ணாத பிள்ளைகளையும் எழுதுங்கள். இரண்டையும் வைத்து எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லும் விடைக்குத்தான் மதிப்பெண் கூடும்.